வீட்டுக்கடன் ஒப்பந்தத்தில் நான் முதலில் திருப்பும் பக்கங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் வீடு கட்ட 30 லட்சம் லோன் சாங்ஷன் ஆகியிருக்கு, ஃபுளோட்டிங் வட்டி. வர்ற வாரம் கையெழுத்து. வட்டி மாறுவது, முன்கூட்டியே கடனை முடிப்பது பற்றி அக்ரிமெண்ட்டில் எதைப் பார்க்கணும்?

அக்ரிமெண்ட்டை அப்புறம் திறக்கலாம். முதலில் கேஎஃப்எஸ் என்று ஒரு தாள் கொடுத்தார்களா என்று பாருங்கள். கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட், அதாவது கடனின் வட்டி, கட்டணம், நிபந்தனை எல்லாம் சுருக்கமாக இருக்கும் தாள். 2024 அக்டோபர் 1 முதல் எந்த வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் வீட்டுக்கடனுக்கு இதைக் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் தமிழில் கேட்கலாம். கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த நிபந்தனைகள் செல்லும். "இன்னைக்கே போட்டாதான் இந்த ரேட்" என்று ஏஜெண்ட் சொன்னால் அவருக்கு மாதக் கடைசி டார்கெட் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் தர்மபுரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஜனவரியில் என் அக்கா பையன் கிட்டத்தட்ட உங்கள் நிலையில்தான் இருந்தான். காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, 30 லட்சம், 20 வருடம். சொந்தமாகக் கிரானைட் பட்டறை வைத்திருப்பதால் சம்பளக்காரர்களை விட வட்டி கொஞ்சம் கூடுதல். கையில் இரண்டு சாங்ஷன் கடிதம். ஒன்று வங்கியில் 8.5 சதவீதம். மற்றொன்று ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் முதல் இரண்டு வருடம் 8.25 நிலையான வட்டி, பிறகு ஃபுளோட்டிங். "கால் பர்சன்ட் கம்மி மாமா, இதையே போட்டுடலாமா?" என்றான். இரண்டு கேஎஃப்எஸ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

ஃபுளோட்டிங் கடனுக்கு அந்தத் தாளில் தனியாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எந்த அளவுகோலோடு வட்டி கட்டப்பட்டிருக்கிறது, அது இப்போது எத்தனை சதவீதம், அதற்கு மேல் கடன் கொடுப்பவர் சேர்க்கும் ஸ்பிரெட் எவ்வளவு, இரண்டும் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாறும். வங்கியின் தாளில் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 5.25, ஸ்பிரெட் 3.25, மொத்தம் 8.5. ரெப்போ மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஸ்பிரெட் 36 மாதம் என்று எழுதியிருந்தது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் கொடுக்கும் ஃபுளோட்டிங் வீட்டுக்கடன் இப்படி ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடுதான் கட்டப்பட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ரீசெட் ஆக வேண்டும்.

இந்த விதி ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்குக் கிடையாது. அவர்கள் தாளில் இரண்டு வருடத்துக்குப் பிறகு வரும் ஃபுளோட்டிங்குக்கு இருந்தது வேறு கணக்கு: கம்பெனியின் சொந்த ரெஃபரன்ஸ் ரேட் 17.5, அதில் 9 கழிவு, ஆக 8.5. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மாறும் என்ற இடத்தில் "அவ்வப்போது". அக்ரிமெண்ட்டில் அதற்கான பத்தியைத் தேடினால், ரெஃபரன்ஸ் ரேட்டைக் கம்பெனி தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் என்று ஒரே வரி.

இந்த வரியின் விலை எனக்குத் தெரியும். 2017இல் நான் வாங்கிய கடனும் இப்படித்தான். 2020 மே மாதம் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது. அடுத்த வருடம் புதிதாக வாங்குகிறவர்களுக்கு 7க்குக் கீழே கொடுத்தார்கள், எனக்கு மட்டும் 9.4. கேட்டால், "ரெஃபரன்ஸ் ரேட் மாறல சார், அவங்களுக்குக் கழிவு ஜாஸ்தி" என்றார்கள். விஷயம் அவ்வளவுதான். இறக்கத்தைப் புது ஆளுக்குக் கழிவாகக் கொடுத்துவிட்டு, அளவுகோலைத் தொடாமல் வைத்திருந்தால் பழைய ஆள் அங்கேயே நிற்பான். பாக்கியில் அரை சதவீதம் கன்வர்ஷன் கட்டணம் கட்டித்தான் என் வட்டியைக் குறைத்தேன். 2022 மேயில் ரெப்போ ஏற ஆரம்பித்தபோது மட்டும் கடிதம் தவறாமல் வீடு தேடி வந்தது.

வங்கிக் கடனிலும் ஸ்பிரெட்டைப் பார்க்காமல் விடக் கூடாது. அதில் உங்கள் கிரெடிட் ரிஸ்க்குக்கு என்று ஒரு பங்கு இருக்கும். உங்கள் கடன் தகுதி பெரிய அளவில் மாறினால் மட்டும், ஒப்பந்தத்தில் சொன்னபடி மட்டும், அதை மாற்றலாம். ஆனால் அக்கா பையனின் ஒப்பந்தத்தில் "ஸ்கோர் மாற்றம் அல்லது வங்கி பொருத்தமெனக் கருதும் வேறு காரணம்" என்று இருந்தது. அச்சடித்த ஒப்பந்தத்தை நமக்காக யாரும் திருத்த மாட்டார்கள், அதில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஸ்கோர் எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஸ்பிரெட் எவ்வளவு ஏறும் என்று கேட்டோம். இரண்டு நாளில் ஒரு அட்டவணை வந்தது. அதை ஃபைலில் வைத்துக்கொண்டான்.

அடுத்து, வட்டி ஏறினால் ஏறியது எங்கே போய் உட்காரும்? தவணையிலா, காலத்திலா? பலரும் தவறவிடும் இடம் இதுதான். கேஎஃப்எஸ்ஸில் கால் சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று போட்டிருப்பார்கள். 30 லட்சம், 8.5, 240 மாதத்துக்குத் தவணை சுமார் 26,035 ரூபாய். 8.75 ஆனால் தவணை 477 ரூபாய் கூடும், அல்லது தவணை அப்படியே இருந்து கடன் ஒரு வருடம் நீளும். பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கிறது.

ஆனால் வட்டி கால் கால் சதவீதமாக மட்டும் ஏறாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4இலிருந்து 6.5க்குப் போனது. கடன் வாங்கிய புதிதில் ஒன்றரை சதவீதம் ஏறி 10 ஆனதாக வையுங்கள். அதே 26,035 கட்டினால் 240 மாதம் 389 மாதமாகிவிடும், 32 வருடத்துக்கு மேல். பையனுக்கு இப்போது வயது 34. இரண்டு சதவீதம் ஏறி 10.5 ஆனால் ஒரு மாத வட்டி மட்டுமே 26,250. தவணை கட்டக் கட்ட அசல் ஏறும்.

காலத்தை நீட்டி இந்த நிலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் "மறு அறிவிப்பு இல்லாவிட்டால் காலம் நீட்டிக்கப்படும்" என்று இருக்கும், நாம் வாயைத் திறக்காவிட்டால் அதுதான் நடக்கும். 10 சதவீதத்தில் அதே 240 மாதத்தில் முடிக்கத் தவணை 28,950 ஆகும், அதாவது மாதம் 2,900 ரூபாய் கூடுதல். அது கையைக் கடிக்காது என்றால், வட்டி ஏறும்போது தவணையை ஏற்றுங்கள் என்று இப்போதே எழுதிக் கொடுத்து ரசீது முத்திரை வாங்கிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இனி முன்கூட்டியே முடிப்பது. இணையத்தில் ஃபோர்குளோசர் என்று தேடினால் வங்கி வீட்டைப் பறிப்பது பற்றிய அமெரிக்கக் கட்டுரைகள் வந்து பயமுறுத்தும். நம் வங்கியில் அந்தச் சொல்லுக்கு நாமே காலத்துக்கு முன் பணம் கட்டிக் கணக்கை முடிப்பது என்று பொருள்.

2026 ஜனவரி 1 முதல் சாங்ஷன் ஆன கடன் என்றால் விதி தெளிவு. தனிநபர், தொழிலுக்கு அல்லாத தேவை, ஃபுளோட்டிங் வட்டி என்றால் முழுதாகவோ பகுதியாகவோ முன்கூட்டிக் கட்டக் கட்டணம் கிடையாது. பணம் சொந்தச் சேமிப்பா, வேறு வங்கிக் கடனா என்று கேட்கவும் கூடாது. இத்தனை மாதம் கட்டின பிறகுதான் என்ற லாக்-இன்னும் கூடாது. இருந்தும் அக்கா பையனின் வங்கி ஒப்பந்தத்தில் "முதல் 6 மாதத்துக்குள் முன்பணம் ஏற்கப்படாது" என்று பழைய படிவத்து வரி ஒன்று அப்படியே கிடந்தது. கேஎஃப்எஸ்ஸில் ஃபோர்குளோசர் கட்டணம் என்று தனி வரிசை உண்டு, அதில் "இல்லை" என்று இருந்ததால் நிம்மதி. கேஎஃப்எஸ்ஸில் காட்டாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. அந்த வரிசை காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கீழே கடை, மேலே வீடு என்று கட்டுகிறீர்கள் என்றால் சாங்ஷன் கடிதத்தில் கடனின் நோக்கம் என்ன என்று பாருங்கள். தொழில் கடன் என்று எழுதிவிட்டால் விதி வேறு, கடன் கொடுப்பவரைப் பொறுத்து மாறும்.

அந்த 8.25இன் சூட்சுமமும் இங்கேதான் இருந்தது. பாதி நிலையான வட்டி, பாதி ஃபுளோட்டிங் என்ற கடனில், முன்கூட்டிக் கட்டும் நாளில் எந்த வட்டி ஓடுகிறது என்பதுதான் கணக்கு. முதல் இரண்டு வருடம் நிலையானது என்பதால் அந்த இரண்டு வருடமும் கம்பெனி கட்டணம் கேட்கலாம். தாளில் 2 சதவீதம் போட்டிருந்தார்கள். எங்கள் மாமா பர்கூர் பக்கம் இருக்கும் மாந்தோப்பை விற்று அடுத்த வருடம் 8 லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கடனில் கட்டினால் 16,000 ரூபாய் கட்டணம், ஜிஎஸ்டி தனி. கால் சதவீதக் குறைவில் முதல் வருடம் மிச்சமாவது ஏழாயிரத்துச் சொச்சம்தான். பையன் வங்கியிலேயே போட்டான். தோப்பும் இல்லை, இரண்டு வருடத்துக்குப் பெரிய தொகை எதுவும் வரப்போவதில்லை என்றால் இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நானும் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

கட்டணம் இல்லை என்பதால் வட்டி ஏறியவுடன் வேறு வங்கிக்கு மாறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்குப் பதிந்த ஆவணத்தை எம்ஓடி என்பார்கள், அந்தப் பழைய எம்ஓடியை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், புது வங்கிக்கு மறுபடி எம்ஓடி, வக்கீல் ஒப்பினியன், பிராசசிங் கட்டணம். இவை எல்லாம் உங்கள் கைக்காசு. கடன் முடிந்தாலும் அந்த ரத்து ரசீதைப் பதியும் வரை வில்லங்கச் சான்றில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும்.

சாங்ஷன் கடிதத்தில் இன்னும் ஒரு வரியைத் தேடுங்கள்: கடன் முடிந்ததும் மூலப் பத்திரம் எத்தனை நாளில், எந்த இடத்தில் திருப்பித் தரப்படும் என்பது. 30 நாளைத் தாண்டினால், தாமதம் அவர்களால் என்றால், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். பையனின் கடிதத்தில் இடம் என்று சென்னை அலுவலகத்தைப் போட்டிருந்தார்கள். கேட்டதும் கிருஷ்ணகிரி கிளை என்று மாற்றிப் புதுக் கடிதம் அடித்துக் கொடுத்தார்கள்.