பதினெட்டு நூல்களுக்கு நான்கடி வெண்பா: கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: வகுப்பில் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களை ஒரே ஸ்லைடில் பட்டியலாகக் காட்டினார்கள். நினைவில் நிற்கவில்லை என்று பழைய வெண்பாவை மனப்பாடம் செய்தேன். ஆனால் விரல்விட்டு எண்ணினால் ஒரு முறை 13 வருகிறது, ஒரு முறை 19 வருகிறது. பாட்டு தவறா, நான் தவறா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

பதில்: பாட்டில் தவறில்லை, உங்கள் நினைவாற்றலிலும் குறையில்லை. அச்சிட்டவர்கள் அதைப் பிரித்துச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பாட்டைக் கண்முன் வைத்துக்கொள்வோம்.

நாலடி நான்மணி நானாற்பது ஐந்திணைமுப்
பால்கடுகம் கோவை பழமொழி மாமூலம்
இன்னிலைசொல் காஞ்சியுடன் ஏலாதி என்பதூஉம்
கைந்நிலையும் ஆம்கீழ்க் கணக்கு

முதல் அடியிலேயே பாதிக்கு மேல் ஒளிந்திருக்கிறது. நாலடியார், நான்மணிக்கடிகை இரண்டும் தனித்தனி நூல்கள். அடுத்து வரும் ‘நானாற்பது’ என்பது ஒரு நூல் அன்று; நால் நாற்பது. இன்னா நாற்பது, இனியவை நாற்பது, கார் நாற்பது, களவழி நாற்பது என்று நான்கு. அந்த ‘நால்’ அங்கேயே நின்றுவிடாமல் ஐந்திணைக்கும் சேர்கிறது. ஐந்திணை ஐம்பது, ஐந்திணை எழுபது, திணைமொழி ஐம்பது, திணைமாலை நூற்றைம்பது என்று இன்னொரு நான்கு. ஆகப் பத்து முடிந்தது. இவை இரண்டையும் ஒவ்வொன்றாக எண்ணினால்தான் ஆறு நூல்கள் காணாமல் போகும்.

அடி முடிவில் ‘முப்’ என்று நின்று, அடுத்த அடியில் ‘பால்’ வருவதைக் கவனியுங்கள். அது முப்பால், அதாவது திருக்குறள். ‘பால்கடுகம்’ என்று ஒரு நூலே இருப்பதாக எழுதிய விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறேன். மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; பாட்டை மட்டும் அச்சிட்டு விளக்கத்தை விட்டுவிடும் கையேடுகள் செய்யும் வேலை இது. பிறகு திரிகடுகம், ஆசாரக்கோவை, பழமொழி நானூறு, சிறுபஞ்சமூலம், முதுமொழிக்காஞ்சி, ஏலாதி, கைந்நிலை. பதினெட்டு.

உங்களுக்கு 19 வந்த இடமும், ஆறு போய் 12 வராமல் 13 வந்த இடமும் இன்னிலைதான். இதை நிதானமாகவே பார்க்க வேண்டும். இன்னிலை என்ற பெயரில் ஒரு நூல் உண்டு, வ.உ.சி. அதைப் பதிப்பித்தார். அதனால் சிலர் இன்னிலையைப் பதினெட்டில் சேர்த்துக் கைந்நிலையை விலக்கினார்கள். சிலர் இரண்டையும் எண்ணிக் கணக்கைக் குழப்பினார்கள். நான் மேலே தந்த பாடத்தில் ‘இன்னிலைசொல் காஞ்சி’ என்பது இனிய நிலைகளைச் சொல்லும் முதுமொழிக்காஞ்சி என்று காஞ்சிக்கு அடையாகவே பொருள்படுகிறது. கைந்நிலையோ ‘கைந்நிலையும்’ என்று தனியாகவே எண்ணப்படுகிறது. வேறு சில பதிப்புகளில் ‘இன்னிலைய காஞ்சி’, ‘கைந்நிலைய வாம்’ என்று பாடம் மாறும். அங்கேதான் வாதம் கிளம்பும். தேர்வுக்கு நீங்கள் கைந்நிலையையே கொள்ளுங்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பாடநூல்கள் இந்தப் பதினெட்டை அறம் 11, அகம் 6, புறம் 1 என்று பிரிக்கின்றன. கார் நாற்பது, ஐந்திணை நான்கு, கைந்நிலை ஆகியவை அகம். களவழி நாற்பது ஒன்றே புறம். மீதி எல்லாம் அறம். கைந்நிலையை எடுத்துவிட்டு இன்னிலையை வைத்தால் அறம் 12, அகம் 5 ஆகிவிடும். உங்கள் ஸ்லைடில் இரண்டும் இருந்தால், அதைத் தயாரித்தவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது எச்சரிக்கை. ‘நா நா இ இ’ என்று முதலெழுத்துச் சூத்திரம் விற்கும் பயிற்சி மையங்களிடம் பணம் கொடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ‘தி’ என்று தொடங்குபவை மட்டும் நான்கு: திருக்குறள், திரிகடுகம், திணைமொழி, திணைமாலை. முதலெழுத்தை வைத்துக்கொண்டு எதை மீட்பீர்கள்? வெண்பா அப்படியன்று, பெயரின் ஒரு துண்டையாவது கையில் தருகிறது. நூற்றாண்டுகளாகப் பொதுச் சொத்தாக இருக்கும் நான்கு அடிகளை விட்டுவிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு அரைகுறை எழுத்துக்கோவையைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள். பட்டியலை ஒப்பிக்கச் சொல்லியே தமிழறிவை அளக்கும் தேர்வுமுறை இருக்கும்வரை இவர்கள் கடை நடக்கும்.

காஞ்சியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பத்துப்பாட்டு வெண்பாவிலும் ஒரு காஞ்சி வருகிறது, அது மதுரைக்காஞ்சி. ‘பொருந்தாததைத் தேர்ந்தெடு’ வகைக் கேள்விகளுக்கு ஏற்ற பொறி இது. ஆகவே பாட்டை ஒப்பிக்கும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் முழுப்பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் அடிக்குப் பத்துப் பெயர் வந்து, முப்பால் பதினொன்றாக விழுந்தால் சரியாகப் போகிறீர்கள்.