பட்டம் பெறும் தம்பிக்கு கேமிங் லேப்டாப்: கேள்வி பதில்

சுந்தர்: சித்தி பையன் டிகிரி முடிக்கிறான். பட்ஜெட்டுக்குள் ரெண்டு லேப்டாப் வருது. ரெண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ரேம், விலையும் ஒன்றே. ஒன்று மெலிசு, ஒன்று தடி. மெலிசை எடுத்துடலாமா சார்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இரண்டின் விவரத்தாளிலும் டிஜிபி என்று, கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்ற ஒரு வாட் கணக்கு இருக்கும், அதைத் தேடுங்கள். லேப்டாப் 4060 சிப் 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். தங்கள் பெட்டி எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்று பார்த்துத் தயாரிப்பாளர்கள் அளவை முடிவு செய்கிறார்கள். ஸ்டிக்கர் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே.

உங்கள் மெலிசு 60, தடி 100 என்றால் கனமான கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 100-க்கு மேல் வாட் ஏற ஏற லாபம் குறைந்துகொண்டே போகும். அதனால் 100-ஆ 115-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 140 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 115-உடன் 25 வாட் பூஸ்ட் சேர்த்த கணக்கு.

கடைப் பக்கத்தில் டிஜிபி இல்லையா? தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் சார்ஜர் காட்டிக்கொடுக்கும். 120 வாட் சார்ஜரை வைத்துக்கொண்டு, கிராபிக்ஸுக்கே 115 கொடுத்து, ப்ராசஸரையும் திரையையும் ஓட்ட முடியாது.

தம்பி தினமும் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவான் என்றால் மட்டும் மெலிசை யோசிக்கலாம்.

கார்த்தி: 4060 எதில் போட்டாலும் 4060தான். ரேம் 32 பாருங்க, அது போதும்.

பதில்: பாதி சரி. கிராபிக்ஸ் சிப்புக்கென்றே இருக்கும் மெமரியான வி-ரேம் எல்லா லேப்டாப் 4060-யிலும் 8 ஜிபிதான், அதில் வித்தியாசம் இல்லை. வேகத்தை வாட்தான் பிரிக்கிறது.

ரேமில் அளவைவிட முதலில் பார்க்க வேண்டியது அது எப்படி மாட்டியிருக்கிறது என்பதை. 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் மெமரி பாதையில் பாதி சும்மா கிடக்கும். கேம் நடுநடுவே தடுக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு 8 இருந்தால் நல்லது. டாஸ்க் மேனேஜரில் Memory பக்கத்தில் Slots used என்று தெரியும். ஒன்றுதான் இருந்தால் பிறகு இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம், ரேமை போர்டிலேயே ஒட்டிவிடாத மாடலாக இருக்கும்வரை.

மீனா: அப்போ பட்ஜெட் பத்தலைன்னா எதில் கை வைக்கலாம்?

பதில்: பிறகு மாற்றக்கூடியதில். ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் பிறகு கூட்டலாம். கிராபிக்ஸ், கூலிங், திரை மூன்றும் வாங்கினது வாங்கினதுதான். 512 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 476 என்றுதான் காட்டும். பெரிய கேம் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது, நாலாவது கேமுக்கு இடம் இடிக்கும். இருந்தாலும் இன்னொரு எஸ்எஸ்டி மாட்ட இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் 512-ஐயே எடுங்கள். திரையில் "45% NTSC" என்று கண்டால் தள்ளி வையுங்கள், நிறம் வெளுத்துப்போய் இருக்கும்.

ரஃபி: அண்ணா, என் டெஸ்க்டாப்பில் 4060 போடப் போறேன். இந்த 115 வாட்டுக்கு என் 450 வாட் பவர் சப்ளை தாங்குமா?

பதில்: அது வேறு கார்டு தம்பி, இங்கே பேசுவது லேப்டாப் சிப்பை. டெஸ்க்டாப் 4060-உம் 115 வாட்தான், ஆனால் மொத்த கம்ப்யூட்டருக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட். உங்கள் ப்ராசஸர் எது என்று சொல்லாமல் 450-ஐப் பற்றிச் சொல்ல முடியாது.

சுந்தர்: சீல் உடைக்காம சர்ப்ரைஸா கொடுக்கணும்னு ஆசை.

பதில்: திருப்பிக் கொடுக்கும் கெடு அவன் பிரிக்கும் நாளிலிருந்து ஓடாது. நீங்களே பிரித்துச் சோதித்துவிடுங்கள். சார்ஜரை மாட்டி, பர்ஃபாமன்ஸ் மோடில், ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட விட்டு, டெர்மினலில் இதைப் போடுங்கள்:

```
nvidia-smi -l 5
```

ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாட் தெரியும். முதல் ஐந்து நிமிடத்தை நம்பாதீர்கள், உள்ளே உலோகம் இன்னும் சூடேறியிருக்காது. கிராபிக்ஸ் சிப் எத்தனை சதவீதம் வேலையில் இருக்கிறது என்று காட்டும் GPU-Util 95-க்கு மேலேயே இருக்க, வாட் மட்டும் 100-இலிருந்து 60-க்கு இறங்கி அங்கேயே நின்றால் கூலிங்கோ சார்ஜரோ ஈடுகொடுக்கவில்லை, மாற்றிக் கேளுங்கள். GPU-Util-உம் சேர்ந்து குறைந்திருந்தால் அந்த கேம் ப்ராசஸருக்காகக் காத்திருக்கிறது, லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது.

முடிந்ததும் Reset this PC போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் தம்பி தன் கணக்கிலேயே தொடங்கலாம். பில் அவன் பெயரில் இருக்கட்டும், வாரன்டிக்கு அலைச்சல் மிச்சம்.

கார்த்தி: 100 வாட் 4050, 60 வாட் 4060, ஒரே விலைன்னா எது?

பதில்: இதில் விஷயம் தெரிந்தவர்களே இரண்டு கட்சி. 4050-இல் வி-ரேம் 6 ஜிபிதான், புதிய கேம்களில் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டி வரும். அதனால் நான் 4060 பக்கம். அவன் ஆடுவது பழைய போட்டி கேம்கள் மட்டும் என்றால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. அந்த இரண்டு மாடலையும் அதே கேமில் அளந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.