கூட்டு வெபினார்: முதல் மெயிலில் செலவுப் பேச்சை எப்படி எழுதுவது?

கேள்வி: சிறு நிறுவனங்களுக்கான கணக்கு மென்பொருள் விற்கிறேன். கணக்காளர்களுக்குப் பயிற்சி தரும் ஒருவரோடு சேர்ந்து வெபினார் நடத்த ஆசை. செலவைப் பாதிப்பாதி போட்டுக்கொள்ளலாம் என்று முதல் மெயிலிலேயே எழுதலாமா? முகம் சுளிப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஆனால் 'பாதிப்பாதி' என்று மொத்தமாக எழுதாதீர்கள். அவர் ஒப்புக்கொண்ட பிறகு விளம்பரச் செலவு எகிறும்போதுதான், எதில் பாதி என்ற கேள்வி வரும். செலவுகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று காட்டுங்கள்.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்தால், வெபினார் தளத்துக்கு 30, வடிவமைப்புக்கு 20, கட்டண விளம்பரத்துக்கு 50 என்று கொள்வோம். முதல் இரண்டும் இல்லாமல் நிகழ்ச்சியே நடக்காது, ஆகவே அவை பொதுச் செலவு. ஆளுக்கு 25. விளம்பரம் அப்படியல்ல. பயிற்சியாளரிடம் ஏற்கெனவே தன் மாணவர்களின் மெயில் பட்டியல் இருக்கும். புதியவர்களைத் தேடுவது நீங்கள்தான் என்றால் அந்த 50-ஐ நீங்களே ஏற்பது முறை. ஆக உங்களுக்கு 75, அவருக்கு 25. உரையைத் தயாரித்துப் பேசும் உழைப்பும் அவருடையது என்பதால் இது சலுகையல்ல, நியாயமான கணக்கு.

வெபினார் தளத்துக்கு நீங்கள் முன்பே சந்தா கட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சந்தாவில் பாதியைக் கேட்காதீர்கள். இந்த நிகழ்ச்சிக்காகக் கூடுதல் இருக்கைகள் வாங்கினால் அந்தக் கூடுதல் தொகை மட்டுமே பொதுச் செலவு.

பணத்தைவிட அதிகம் மனக்கசப்பு தருவது பதிவு செய்தவர்களின் பட்டியல். அது யாருக்கு, யார் முதலில் தொடர்புகொள்வது என்று மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். இருவரும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதானால், பதிவுப் படிவத்தில் இரு நிறுவனங்களின் பெயரும் இருக்க வேண்டும், மெயில் பெறச் சம்மதமா என்ற கட்டம் டிக் செய்யப்படாமல் காலியாக இருக்க வேண்டும். முன்பே டிக் செய்து வைத்த கட்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை சம்மதமாக ஏற்பதில்லை. மற்ற இடங்களிலும் இதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

இனி மெயில். தலைப்பு வரியில் 'ஒரு சிறிய யோசனை' என்றெல்லாம் போடாமல், 'மாத இறுதிக் கணக்கு முடிப்பு: கூட்டு வெபினார் அழைப்பு' என்று விஷயத்தைப் போடுங்கள்.

> வணக்கம் சார்,
>
> மாத இறுதிக் கணக்கு முடிப்பில் வரும் தவறுகள் பற்றி 45 நிமிட வெபினார் ஒன்றை, ஆறு வாரம் கழித்து நாம் சேர்ந்து நடத்தலாமா? உங்கள் மாணவர்களும் எங்கள் வாடிக்கையாளர்களும் சந்திக்கும் சிக்கல் ஒன்றே என்பதால் கேட்கிறேன்.
>
> உரையும் கேள்வி பதிலும் உங்களுடையவை. பதிவுப் பக்கம், தளம், நினைவூட்டல் மெயில்கள், வீடியோப் பதிவு எங்கள் பொறுப்பு. எங்கள் மென்பொருளைப் பற்றிக் கடைசி 5 நிமிடம் மட்டும் பேசுவோம்.
>
> தளம், வடிவமைப்பு இரண்டின் செலவும் சரிபாதி. மதிப்பீடு இணைப்பில் உள்ளது. அதைத் தாண்டினால் உங்களிடம் கேட்காமல் செலவு செய்யமாட்டோம். விளம்பரம் முழுவதும் எங்கள் செலவு. பில்லை முதலில் நாங்கள் கட்டிவிட்டு, நிகழ்ச்சி முடிந்த பிறகு ரசீதோடு உங்கள் பங்கைக் கேட்போம். நாங்கள் ரத்து செய்தால் அதுவரை ஆன செலவு எங்களுடையது.
>
> சம்மதித்தவர்களின் பட்டியல் இருவருக்கும். மறுநாள் வீடியோ இணைப்பை இருவர் பெயரிலும் ஒரே மெயிலாக அனுப்புவோம். அதன் பின் ஒரு வாரம் கழித்தே எங்கள் விற்பனை மெயில் போகும்.
>
> இதில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். வரும் வியாழனுக்குள் பதில் கிடைத்தால் தேதியை உறுதி செய்வேன்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் இருப்பதைக் கவனியுங்கள். 'இருவரும் சேர்ந்து விளம்பரப்படுத்துவோம்' என்று எழுதிய வேலையைக் கடைசியில் யாரும் செய்வதில்லை. அதனால் அவர் பட்டியலுக்கு எப்போது மெயில் போக வேண்டும் என்பதை, அவர் ஒப்புக்கொண்டதும் தேதியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் முன்பு ஒன்று, இரண்டு நாள் முன்பு ஒன்று என்பது போதும்.

அவருக்குத் தனிப் பதிவு இணைப்பு கொடுங்கள். இணைப்பின் முடிவில் `?utm_source=partner` என்று சேர்த்தால், யார் மூலம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது உங்கள் இணையதளத்தின் வருகைக் கணக்கில் தெரியும். அடுத்த முறை பங்கு பேசும்போது ஊகம் வேண்டியிருக்காது. ஆனால் இத்தனை பதிவுகள் வரும் என்று மெயிலில் வாக்குக் கொடுக்காதீர்கள். பதிவு செய்தவர்களில் பெரும்பகுதியினர் நேரலைக்கு வராமல் போவது சகஜம்.

அவர் ஃபோனில் பேசி எதையாவது மாற்றச் சொன்னால், அன்றே அதே மெயில் தொடரில் மாறிய விவரத்தை எழுதி 'சரி' என்ற பதிலை வாங்குங்கள். பதிவுப் பக்கத்தை அதன் பிறகு திறக்கலாம்.