கூட்டுத்தொகையில் 83 குறைவது ஏன்? பிளஸ் டூ மதிப்பெண்களை அட்டவணையாக்கும் முறை

கேள்வி: என் மகளின் கல்வி உதவித்தொகைக்காக ஓர் அறக்கட்டளை, பிளஸ் டூ மதிப்பெண்களை எக்செல் அட்டவணையாகக் கேட்கிறது. சான்றிதழைச் செல்போனில் படம் எடுத்து, எழுத்தாக மாற்றி ஒட்டினேன். தமிழ் 94, ஆங்கிலம் 88, இயற்பியல் 83, வேதியியல் 88, உயிரியல் 91, கணிதம் 81. சான்றிதழில் மொத்தம் 525. எக்செல் 442 என்று காட்டுகிறது. எங்கே தவறு? அட்டவணையை எப்படித்தான் தயாரிப்பது?

பதில்: 525க்கும் 442க்கும் உள்ள வித்தியாசம் 83. உங்கள் மகளின் இயற்பியல் மதிப்பெண்ணும் அதுவே. ஆகவே எக்செல் தவறாகக் கூட்டவில்லை. இயற்பியலை விட்டுவிட்டு மற்ற ஐந்தைக் கூட்டியிருக்கிறது. மாநில வாரியச் சான்றிதழில் மதிப்பெண்ணை மூன்று இலக்கமாக, 083 என்று அச்சிடுவது வழக்கம். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் சில சமயம் அந்த முதல் பூஜ்யத்தை O என்ற ஆங்கில எழுத்தாகப் படித்துவிடும். O83 என்பது எக்செல்லுக்கு எண் அல்ல, ஒரு சொல். `SUM` சூத்திரம் சொற்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். எச்சரிக்கை எதுவும் தராது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். சொல்லாகிப்போன எண் இடப்பக்கம் நிற்கும். கண்ணை மட்டும் நம்பாமல், ஆறு பாடங்களின் மொத்தம் F2 முதல் F7 வரை இருப்பதாகக் கொண்டு, ஓர் ஓரத்தில் இதை எழுதுங்கள்:

```
=COUNT(F2:F7)
```

விடை 6 வரவேண்டும். 5 வந்தால் ஒரு கட்டத்தில் எண் இல்லை. அந்தக் கட்டத்தை அழித்து 83 என்று தட்டச்சு செய்தால் கூட்டுத்தொகை 525க்கு வந்துவிடும்.

ஆனால் கூட்டுத்தொகை பொருந்திவிட்டது என்பதற்காக அட்டவணை சரி என்று அனுப்பிவிடாதீர்கள். அறக்கட்டளை எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டிருந்தால், அந்தப் பத்திகளில் உள்ள பிழையை இறுதி மொத்தம் காட்டிக்கொடுக்காது. செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. ஓர் எடுத்துக்காட்டாக, உங்கள் மகளின் மதிப்பெண்கள் இப்படிப் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்:

| பாடம் | உச்சம் | எழுத்துத் தேர்வு | செய்முறை | அகமதிப்பீடு | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| தமிழ் | 100 | 84 | | 10 | 94 |
| ஆங்கிலம் | 100 | 78 | | 10 | 88 |
| இயற்பியல் | 100 | 53 | 20 | 10 | 83 |
| வேதியியல் | 100 | 58 | 20 | 10 | 88 |
| உயிரியல் | 100 | 61 | 20 | 10 | 91 |
| கணிதம் | 100 | 71 | | 10 | 81 |
| மொத்தம் | 600 | | | | 525 |

இதில் மொத்தம் என்ற பத்தியை ஒருபோதும் சூத்திரத்தால் நிரப்பாதீர்கள். இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். சான்றிதழில் அச்சிட்டிருக்கும் மொத்தத்தை அப்படியே எழுதுங்கள். கணக்கிட்ட மொத்தத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அடுத்த பத்தியில் தனியாக இருக்கட்டும். இரண்டு மொத்தங்களும் வெவ்வேறு வழியில் வந்தவை என்பதால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்க முடிகிறது. சூத்திரமே மொத்தத்தையும் எழுதிவிட்டால், தவறான எண்ணுக்கு ஏற்ற தவறான மொத்தம் வந்து நிற்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

G2 கட்டத்தில் கீழே உள்ளதை எழுதி, G7 வரை இழுத்துவிடுங்கள்:

```
=SUM(C2:E2)-F2
```

ஒவ்வொரு வரியிலும் 0 வரவேண்டும். வேதியியலில் 58க்குப் பதில் 53 என்று பதிவாகியிருந்தால் −5 வரும். வித்தியாசம் 5 என்றால் 3, 8 இரண்டில் ஒன்று மற்றொன்றாகப் படிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள்; மங்கலான படத்தில் அடிக்கடி நேர்வது அது. 6 என்றால் 1, 7 குழப்பம். வித்தியாசம் 9 அல்லது 9இன் மடங்காக இருந்தால், கையால் தட்டச்சு செய்தவர் இலக்கங்களை இடம் மாற்றியிருக்கலாம்: 78க்கு 87 என்பதுபோல. G பத்தியில் `#VALUE!` என்று வந்தால், F பத்தியில் பழையபடி ஒரு சொல் ஒளிந்திருக்கிறது.

இந்தச் சோதனையிலும் தப்பிக்கும் பிழை ஒன்று உண்டு. தமிழ், ஆங்கிலம், கணிதத்துக்குச் செய்முறைக் கட்டம் காலி. எழுத்தாக மாற்றும்போது காலிக் கட்டங்கள் காணாமல் போகும். அடுத்த பத்தியின் 10 இடப்பக்கம் நகர்ந்து செய்முறையில் வந்து உட்கார்ந்துவிடும். மொத்தத்தை F பத்தியில் நீங்களே சரியாக எழுதியிருந்தால், வரியின் கூட்டல் அப்போதும் 94தான், G கட்டமும் 0தான். எனவே செய்முறைப் பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். இந்த அட்டவணையில் அங்கே மூன்று எண்கள் மட்டுமே இருக்க வேண்டும். அகமதிப்பீட்டில் ஆறும் இருக்க வேண்டும், எதுவும் 10ஐத் தாண்டக் கூடாது. சான்றிதழில் மதிப்பெண்ணை எழுத்தாலும் அச்சிட்டிருந்தால் கடைசி ஒப்பீட்டை அந்த எழுத்தோடு செய்யுங்கள். 3ஐ 8 என்று படிப்பது எளிது. எழுத்தில் அந்தக் குழப்பம் வராது.

ஒரே ஒரு மாணவி, ஆறே வரிகள் என்றால் கையால் தட்டச்சு செய்வதே என் பரிந்துரை. படத்திலிருந்து எடுத்த எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைய மாணவர்களின் பட்டியலைத் தயாரிப்பவர்களுக்கு மென்பொருள் தேவைப்படும். அவர்கள் படம் எடுப்பதற்கு முன் டிஜிலாக்கரில் உள்ள பிடிஎஃப் கோப்பைத் தேடுவது நல்லது. அதில் எழுத்துகளை விரலால் தொட்டுத் தேர்ந்தெடுக்க முடிந்தால், மென்பொருள் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை, 0 எப்போதும் 0தான். பத்திகளின் வரிசை மட்டும் ஒட்டும்போது கலையலாம். G பத்திச் சோதனை அதற்கும் வேண்டும்.

பாடத்தின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். கணினி அறிவியலும் கணினிப் பயன்பாடுகளும் வெவ்வேறு பாடங்கள். கணிதமும் வணிகக் கணிதமும் அப்படியே. பள்ளியின் அரையாண்டு அட்டையில் உயிரியலைத் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு வரியாகப் போட்டிருப்பார்கள். பொதுத் தேர்வுச் சான்றிதழில் அது உயிரியல் என்ற ஒரே வரி என்றால், உங்கள் அட்டவணையிலும் ஒரே வரிதான். பிரித்தால் பாடங்கள் ஏழாகி, உச்ச மதிப்பெண் 700 ஆகிவிடும், சதவீதம் குலைந்துவிடும்.

சதவீதத்துக்கு 525ஐ 600ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: 87.50. பொறியியல் கலந்தாய்வுக்கான 200க்கான கட்ஆஃப் மதிப்பெண்ணை இங்கே எழுதிவிடாதீர்கள், அது வேறு கணக்கு. பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்குத் தனியாக ஒரு 600 உண்டு. விண்ணப்பம் கேட்டால் தவிர அதைச் சேர்க்க வேண்டாம். தசமத்தை இரண்டு இடம் வரை காட்டும்படி கட்டத்தை அமைத்துவிடுங்கள். உங்கள் மகளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் 359 பெற்ற மாணவருக்கு உண்மையான சதவீதம் 59.83. தசமம் காட்டாத கட்டத்தில் அது 60 என்று தெரியும். தகுதி வரம்பு 60 சதவீதம் என்றால், சரிபார்க்கும் அலுவலர் சான்றிதழைப் பார்த்ததும் விண்ணப்பம் நின்றுவிடும்.

சிபிஎஸ்இ பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும். அந்தச் சான்றிதழில் ஒட்டுமொத்த மொத்தமோ சதவீதமோ அச்சிடப்படுவதில்லை. அதனால் ஒவ்வொரு பாடத்தின் மொத்தம் வரைதான் சோதிக்க முடியும். ஐந்துக்கு மேல் பாடங்கள் இருந்தால், எந்த ஐந்தைக் கூட்டுவது என்பதை உதவித்தொகை வழங்கும் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டு, எடுத்துக்கொண்ட பாடங்கள் எவை என்பதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.