350 பேரா, 120 பேரா: மண்டபத்துக்கு முன்பணம் கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: ஆவணியில் மகளின் கல்யாணம். நாங்கள் காரைதீவு, மாப்பிள்ளை பகுதி ஆரையம்பதி. இருபது பேர்ச் வளவில் வீடு இருக்கிறது. விருந்துக்கு ஒதுக்கக்கூடியது பத்து இலட்சம் ரூபாய். பட்டியல் போட்டால் 350 பேர் வருகிறார்கள். மண்டபத்தில்தான் செய்ய வேண்டும் என்று மனைவியின் அண்ணன்மார் நிற்கிறார்கள். வீட்டில் எளிமையாகச் செய்தால் செலவு உண்மையாகக் குறையுமா? சொந்தக்காரரின் மனக்குறையை எப்படிச் சமாளிப்பது?

பதில்: செலவைத் தீர்மானிப்பது இடத்தை விட ஆட்களின் எண்ணிக்கைதான். 350 பேரை வீட்டுக்கு அழைத்தால் நீங்கள் எதிர்பார்க்கும் மிச்சம் வராது. 120 பேருக்கு மண்டபம் எடுத்தால் வராதவர்களின் தட்டுக்கும் நீங்களே காசு கொடுப்பீர்கள். இரண்டையும் ஓர் உதாரண விலையில் போட்டுக் காட்டுகிறேன். உங்களுக்குச் சொல்லப்படும் விலைகளை இதே இடங்களில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தட்டு 2,500 ரூபாய் என்று ஒரு மண்டபம் சொல்கிறது என்று வைப்போம். அது வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. சேராத விலையென்றால் பத்து வீத சேவைக் கட்டணத்தோடு 2,750 ஆகும். மண்டபத்தார் வற் வரிக்குப் பதிந்தவர்களாக இருந்தால் அதன்மேல் 18 வீதம் ஏறி 3,245 ரூபாயில் வந்து நிற்கும். 350 பேருக்கு 11,35,750 ரூபாய். மணவறைச் சோடனையும் படப்பிடிப்பும் இதற்குப் புறம்பு. ஆட்களை 120 ஆகக் குறைத்தால் தொகையும் மூன்றில் ஒன்றாகும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆகக்குறைந்த தட்டு எண்ணிக்கை என்று ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். அது 250 என்றால், வருபவர்கள் 120 பேரானாலும் 8,11,250 ரூபாய் கட்டத்தான் வேண்டும். மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் குளிரூட்டியையும் மேடையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்த ஒரு வரியைக் கேட்டு வருபவர்கள் குறைவு.

வீட்டுக் கணக்கில் மறைந்திருக்கும் செலவு வேறு. பந்தல், கதிரை மேசை, மணவறை, சமையற்காரர் கூலி, மின்பிறப்பாக்கி, தண்ணீர் பவுசர், துப்புரவு எல்லாம் சேர்த்து 120 பேருக்கு 3,20,000 என்றும், சாமான் செலவு ஆளுக்கு 900 என்றும் எடுத்தால் 4,28,000 வரும். ஆனால் கல்யாண வீடு ஒரு நாளில் முடிவதில்லை. முதல்நாள் மரக்கறி வெட்ட வருபவர்கள், தூரத்திலிருந்து வந்து தங்குபவர்கள், மறுநாள் பந்தல் பிரிக்கும் வரை நிற்பவர்கள் என்று ஐம்பது பேருக்காவது ஆறு வேளைச் சாப்பாடு போக வேண்டும். வேளைக்கு 300 ரூபாய் என்றாலும் 90,000. ஆகவே 5,18,000. இதே வளவில் 350 பேரை வைத்தால் பந்தலும் கூலியும் தண்ணீரும் 5,20,000 ஆகப் பெருகும், சாமான் 3,15,000, உதவிக்கு நிற்பவர்கள் எழுபது பேராகி 1,26,000, மொத்தம் 9,61,000. மண்டபத்தின் மணவறைச் சோடனையைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் மிச்சம் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. அந்த மிச்சத்துக்காக வீட்டார் மூன்று நாட்கள் நித்திரையில்லாமல் ஓடுவதை நான் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன்.

பணம் ஒருபுறமிருக்க, வளவும் 350 பேரைத் தாங்காது. இருபது பேர்ச் என்பது ஏறத்தாழ 5,400 சதுர அடி. அதில் வீடு, கிணறு, சமையல் கொட்டகை, மணவறை போக, மேசை போட்டுச் சாப்பிட ஆளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி கணக்கில் ஒரே பந்தியில் 120 பேர் வரைதான் வசதியாக இருப்பார்கள். 350 பேருக்கு மூன்று பந்தி வேண்டும். பந்திக்கு நாற்பது நிமிடம் என்றாலும் கடைசிப் பந்தி ஒரு மணி இருபது நிமிடம் காத்திருக்கும். கச்சான் காற்று அடிக்கும் நாளென்றால் தகரப் பந்தலுக்குக் கீழே அந்தக் காத்திருப்பு முதியவர்களுக்கு மிகக் கடினம். கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் மலசலகூடக் குழி ஒரே நாளில் நிரம்பக்கூடும். முதல் வாரமே குழியை வெறுமையாக்கி, வெளியே இரண்டு தற்காலிகக் கூடங்கள் வாடகைக்கு எடுப்பது 120 பேருக்கும் அவசியம். மின்சாரத்தையும் கவனியுங்கள்: 30 அம்பியர் வீட்டு இணைப்பு ஏறத்தாழ 6.9 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. பந்தல் விளக்கையும் ஒலிபெருக்கியையும் வீட்டு இணைப்பில் கொடுக்காமல் மின்பிறப்பாக்கியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி உறவினர் விடயம். நம் பக்கத்தில் மனக்குறை பெரும்பாலும் இடத்தைப் பற்றி வருவதில்லை. "எங்கட வீட்டுக்கு வந்து சொல்லவில்லை" என்பதிலும், "அவர்கள் எங்கள் பிள்ளையின் கல்யாணத்தில் சாப்பிட்டார்கள், இப்போது எங்களைக் கூப்பிடவில்லை" என்பதிலும்தான் வருகிறது. ஆகவே உங்கள் வீட்டு மொய்க் கொப்பியை எடுத்து, 350 பெயரையும் மூன்றாகப் பிரியுங்கள். இரு பகுதியின் நெருங்கிய உறவு, குடிப் பெரியவர்கள், நீங்கள் மொய் திருப்ப வேண்டியவர்கள், உங்களுக்குத் திருப்ப வேண்டியவர்கள் ஆகியோர் முகூர்த்தத்துக்கும் பகல் சாப்பாட்டுக்கும் வரும் 120 பேர். இதில் நாற்பது இடத்தை மாப்பிள்ளை பகுதிக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். அயலவர், வேலைத்தள நண்பர்கள், கல்முனைப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் என 150 பேரை மறுநாள் மாலை அதே பந்தலில் பலகாரமும் தேநீரும் கொடுத்து அழைக்கலாம். ஆளுக்கு 350 ரூபாய் வீதம் 52,500 ஆகும். பந்தல் வாடகை இரண்டாம் நாளையும் உள்ளடக்குகிறதா என்று பேசும்போதே கேளுங்கள். மீதி எண்பது பேர் மாப்பிள்ளை பகுதியின் தூர உறவாக இருந்தால், ஆரையம்பதியில் அவர்கள் வைக்கும் வரவேற்புக்கு விட்டுவிடலாம். எல்லாம் சேர்ந்து 5,70,500 ரூபாய்.

மச்சான்மாரிடம் இந்தத் திட்டத்தை அழைப்பிதழ் அச்சிட்ட பின் கொண்டு போனால் அது அறிவித்தல். அச்சிடுமுன் கொண்டு போனால்தான் ஆலோசனை. தாய்மாமன்மாரை வீட்டுக்கு அழைத்து, மண்டபக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் ஒரே தாளில் காட்டி, பகல் பந்தியை நடத்தும் பொறுப்பை அவர்களுக்கே கொடுங்கள். வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து மூத்தவர்களை நேரில் அழைக்கும் வேலையில் அவர்களும் கூட வந்தால், வீட்டில் செய்வது அவர்களுடைய முடிவாகவும் ஊருக்குத் தெரியும். மாலைக்கு மட்டும் அழைக்கப்படுபவர்களிடமும் நேரில் போய், இடம் போதாததைச் சொல்லியே அழையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் மண்டபமே வேண்டும் என்றால், சாப்பாடு இல்லாமல் வாடகைக்கு மட்டும் கிடைக்கும் மண்டபத்தை விசாரியுங்கள். உங்கள் சமையற்காரரை உள்ளே விடுவார்களா, வெளிச் சோடனைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் செலவை மொய்யில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். மண்டபத்தின் மீதிப் பணத்தைப் பெரும்பாலும் சடங்குக்கு முன்பே கேட்பார்கள்; மொய் வருவது சடங்கன்றுதான். இடைப்பட்ட தொகையைத் தாங்கள் தருவதாக மச்சான்மார் சொன்னால், முன்பணம் கட்டும் நாளிலேயே அதை அவர்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.