மெழுகு போல வந்த முடியில் இழை வரவழைக்க: கேள்வி-பதில்

ஏஐ படத்தில் தலைமுடி வழவழவென்று ஒரே கட்டியாக இருக்கிறது. ஷார்ப்பன் கூட்டியும் இழை தெரியவில்லையே?

ஷார்ப்பன் இருக்கும் ஓரங்களைத்தான் எடுப்பாகக் காட்டும். படத்தில் இல்லாத இழையைக் கொண்டுவராது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள் படத்தை நீள அகலம் இரண்டிலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்தே வேலை செய்கின்றன. 1024 பிக்சல் படத்தில் முடி 240 பிக்சல் அகலம் என்றால் அதற்குக் கிடைப்பது 30 கட்டம். தனித்தனி இழைக்கு அதில் ஏது இடம்? ஒளியும் நிழலும் மட்டும் பட்டையாகத் தங்கும்.

ஆகவே முடியை மட்டும் பெரிய அளவில் மறுபடி வரைய வைக்க வேண்டும். முதலில் படத்தை இரு மடங்காக, 2048-க்கு, பெரிதாக்குங்கள். பிறகு, குறித்த பகுதியை மட்டும் மறுபடி வரையும் இன்பெயின்டில் முடிக்கு மாஸ்க் போட்டு, `Only masked` தேர்ந்து, அளவை 1024 x 1024 என்று வையுங்கள். இப்போது அதே முடிக்கு நூறு கட்டத்துக்கு மேல் கிடைக்கும். பெரிதாக்காமல் நேரே இன்பெயின்ட் செய்தால், புதிதாக வந்த இழைகள் திரும்ப 240 பிக்சலுக்குள் நசுங்கிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

`Denoising strength` 0.2 வைத்தால் மாற்றமே இல்லை, 0.7 வைத்தால் சிகையலங்காரமே மாறிவிடுகிறது.

0.35 முதல் 0.5 வரை முயலுங்கள். அதிலும் மெழுகுத்தன்மை போகவில்லையென்றால், அந்த வழவழப்பையே மாடல் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது என்று பொருள். போட்டோஷாப்பில் முடிப் பகுதிக்கு மட்டும் 5 முதல் 8 சதவீதம் ஒற்றை நிற நாய்ஸ் சேர்த்து, அதன்பின் 0.4-இல் ஓட்டுங்கள். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு மாடல் இழை வரையத் தொடங்கும். ப்ராம்ப்டில் `silky`, `smooth` இருந்தால் எடுத்துவிடுங்கள்.

முடிவை 100 சதவீத ஜூமில் பாருங்கள். ஓர் இழையை வேரிலிருந்து கண்ணால் தொடருங்கள். அது பாதியில் கரைந்தாலோ காதுக்குள் நுழைந்தாலோ அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மாஸ்க் போடுங்கள்.

இழை வந்துவிட்டது. ஆனாலும் ஹெல்மெட் மாட்டியது போலவே தெரிகிறது!

குறை வெளிக்கோட்டில் இருக்கிறது. மாஸ்க் முடியின் ஓரத்தோடு நின்றால் பின்னணிக்குள் பிசிறு முடி வரவே முடியாது. 2048 படத்தில் மாஸ்க்கை 30, 40 பிக்சல் வெளியே நீட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் கையால் வரைவதே மேல்: புதிய லேயரில் 2 பிக்சல் பிரஷ், பக்கத்து முடியிலிருந்து எடுத்த நிறம், நுனி மெலியும்படி பென் பிரஷர். உச்சியிலும் கழுத்தருகிலும் சில இழைகள் போதும். ஒரே இடைவெளியில், ஒரே வளைவில் போட்டால் வரைந்தது உடனே தெரிந்துவிடும்.

நெற்றியோர முடி மட்டும் மறுபடி மழுங்குகிறது.

கடைசியாக ஃபேஸ் ரெஸ்டோர் ஓட்டியிருப்பீர்கள். அதற்குப் பயன்படும் GFPGAN, CodeFormer இரண்டும் முகத்தை 512 பிக்சல் சதுரமாக வெட்டியெடுத்துத் திருத்துகின்றன. நெற்றி முடியும் அந்தச் சதுரத்துக்குள் சிக்கும். முகத்தை முதலில் முடித்துவிட்டு, முடிக்கு அப்புறம் வாருங்கள்.