சுங்கத்தில் நிற்கும் மெஷின்: துரையிடம் என்ன சொல்வது?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரிக்குச் சீனாவிலிருந்து, தேயிலையில் காம்பைப் பிரித்தெடுக்கும் கலர் சோர்ட்டர் மெஷினை இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஜூன் 20இல் மெஷின் ஓடும் என்று துரையிடம் சொல்லிவிட்டேன். இன்று ஜூன் 9. இன்வொய்ஸ் விலை குறைவாக இருக்கிறதென்று சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கப்பல் தாமதம் என்று சொல்லிச் சமாளிக்கலாமா? – வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம் தம்பி. கப்பல் கொழும்புக்கு வந்த நாளை யாரும் போனிலேயே பார்த்துவிடலாம். அதைவிட முக்கியம், ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றில்தான் தேயிலைக்கு அந்தத் தனி மணம் வருகிறது. அந்த வாரங்களின் ஏல விலையை நம்பித்தான் துரை உங்களிடம் ஓடர் கொடுத்திருப்பார். இன்றைக்கே தெரிந்தால், காம்பு பொறுக்க ஆள் போடுவதா, பக்கத்து ஃபெக்டரியின் சோர்ட்டரைக் கேட்பதா என்று அவர் முடிவெடுக்கலாம். 19ஆம் தேதி தெரிந்தால் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

ஆனால் துரைக்கு முன், கிளியரிங் ஏஜெண்டுக்கு ஒரு கோல் எடுங்கள். "நிறுத்திவிட்டார்கள்" என்பது போதாது. எந்த வகை நிறுத்தம் என்று கேளுங்கள். விலைக்கு ஆதாரம் மட்டும் கேட்கிறார்களா, பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்களா, இல்லை ஃபைல் விசாரணைக்குப் போய்விட்டதா? முதலாவதற்கு வங்கியில் பணம் அனுப்பிய பத்திரம், தயாரிப்பாளரின் விலைப்பட்டியல், உங்களுக்குள் போன மெயில்கள் எல்லாம் கொடுத்தால் பெரும்பாலும் வழி திறக்கும். இரண்டாவதற்குத் துறைமுகத்தில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது என்றால் யாராலும் நாள் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக் கூடாது. வரி வித்தியாசத் தொகைக்கு உத்தரவாதம் கட்டிவிட்டு மெஷினை எடுக்க வழியுண்டா என்றும் அதே கோலில் கேட்டுவிடுங்கள்.

இப்போது புதிய நாளைக் கணக்கிடலாம். உங்களைப் போன்றவர்கள் தவறுவது இங்கேதான். 20க்குப் பதிலாக "27" என்று இன்னொரு தேதியைச் சொல்லிவிட்டு, அதையும் கடந்த பிறகு மறுபடி முகம் சுருங்கி நிற்பார்கள். சுங்கம் விடுவிக்கும் நாள் உங்கள் கையில் இல்லை, அதற்குப் பிறகுள்ள வேலை மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் விடுவித்த நாளிலிருந்து எண்ணுங்கள். வரி கட்டி, டெலிவரி ஓடர் வாங்கி, துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க இரண்டு வேலைநாள். பலாங்கொடை, பெரகலை வழியாக லொறி மலையேற ஒரு நாள். பொருத்தி, அவர்களுடைய தேயிலையையே போட்டு சரிபார்க்க மூன்று நாள். ஆக ஆறு வேலைநாள். போயா நாளை எண்ணாதீர்கள், ஜூனில் பொசன் இருக்கிறது.

முதலில் போனில் பேசுங்கள். துரை கோபப்பட்டால் பேச விடுங்கள். அதன் பின் அன்றே எழுத்தில் அனுப்புங்கள், ஏறக்குறைய இப்படி:

"சேர், வணக்கம். கலர் சோர்ட்டர் கொழும்புக்கு வந்துவிட்டது, ஆனால் சுங்கம் இன்வொய்ஸ் விலைக்கு ஆதாரம் கேட்டு நிறுத்தியிருக்கிறது. ஆவணங்களை இன்று கொடுத்திருக்கிறோம். ஜூன் 20இல் மெஷினை ஓட்ட முடியாது, அதற்கு மன்னிக்கவும். சுங்கம் விடுவித்த நாளிலிருந்து ஆறு வேலைநாட்களில் ஓட்டிக் காட்டுவோம். எப்போது விடுவார்கள் என்று இன்று எனக்குத் தெரியாது. வரும் வெள்ளி பிற்பகல் நானே கோல் பண்ணி நிலைமையைச் சொல்கிறேன். ஜூன் 25க்குள் விடுபடாவிட்டால், சீசன் தொடக்கத்துக்கு மாற்று ஏற்பாடு செய்வது நல்லது. அதற்கு நான் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லுங்கள். டெமரேஜ் செலவு உங்கள் பில்லில் வராது."

கடைசி வாக்கியத்தை எழுதுமுன் உங்கள் கொட்டேஷனை எடுத்துப் படியுங்கள். சுங்க வரி கூடினால் விலை மாறும் என்று அதில் எழுதியிருந்தால், அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். எழுதவில்லை என்றால் அந்தச் சுமை உங்களுடையது. பில் போகும் நாளில் புதிய தொகை முளைப்பதைத்தான் ஃபெக்டரிக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள். துறைமுகத்தின் இலவச நாட்கள் முடிந்ததும் தினமும் டெமரேஜ் கட்டணம் ஏறும். அந்த நாளையும் ஏஜெண்டிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

வெள்ளிக்கிழமை புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் கோல் பண்ணுங்கள். "இன்னும் பதில் வரவில்லை, திங்கள் ஏஜெண்ட் நேரில் போகிறார்" என்றால் போதும். அப்புறம், காத்திருக்கும் நாட்களில் ஃபெக்டரியில் மூன்று ஃபேஸ் கரண்டும், காற்றழுத்தத்துக்கான கொம்ப்ரஸரும், மெஷின் நிற்கும் தளமும் தயாரா என்று உங்கள் டெக்னீஷியனை அனுப்பிப் பாருங்கள். இவை முடிந்திருந்தால் பொருத்தும் மூன்று நாளில் ஒன்று மிச்சமாகலாம். அதையும் மிச்சமான பிறகே துரையிடம் சொல்லுங்கள்.